கிரே கோடுக்குப் பிறகு வானத்தில் பட்டைகள்: உதவி தேவை

வணக்கம். ஒரு 8-பிட் சாம்பல் படத்தை பிட் தளங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ரன்-லெங்த் முறையில் சுருக்குகிறேன். உருவமெல்லாம் மேல் 4 தளங்களிலேயே தெரிகிறது. கீழ்த் தளங்கள் வெறும் இரைச்சல், சுருங்கவே மறுக்கின்றன. அதனால் அவற்றை விட்டுவிட்டேன்.

127இலிருந்து 128க்குப் போனால் எட்டு பிட்டும் மாறுகிறதே என்று, அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஒரே ஒரு பிட் மட்டும் மாறும் கிரே கோடுக்கு முதலில் மாற்றினேன்:

```
g = b ^ (b >> 1)
```

மேல் தளங்கள் நன்றாகச் சுருங்கின. ஆனால் கீழ் 4 தளங்களில் சுழியம் வைத்து மீட்டால் 0, 31, 32, 63, 64 என்று மதிப்புகள் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொள்கின்றன. வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது. மேல் 4 பிட்டை மட்டும் மீட்டு 8 கூட்டினால் 8, 24, 40 என்று சீராகிறது, பட்டை மட்டும் முழுசாகப் போகவில்லை. 8க்குப் பதில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 15 வரை ஏதாவது ஒரு ரேண்டம் எண்ணைக் கூட்டலாமா? மீட்கும்போதுதான் கூட்டுகிறோம் என்பதால் கோப்பு அளவு அதிகரிக்காது, சரி. ஓரங்களின் கூர்மை கெடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.