புதுப்பிப்பு: ஹாம்பர்கில் நனைந்த பனியன் பெட்டிகள்

முன்பு கேட்டது: "ஆல் ரிஸ்க்ஸ் பாலிசி வைத்திருக்கிறேன். எஃப்ஓபி விலையில் தூத்துக்குடியிலிருந்து போன பனியன் ஹாம்பர்கில் நனைந்து இறங்கியது. வாங்கியவர் பணம் தர மறுக்கிறார். கிளெய்ம் கிடைக்குமா?"

கிடைக்கவில்லை. சர்வேயர் ஈர அட்டையில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டார். பால் போல வெளுத்தது. அதாவது உப்பு கலந்த கடல்நீர், கன்டெய்னர் கூரை ஓட்டை வழியாக.

"ஆல் ரிஸ்க்ஸ் என்றால் எல்லாமே வரும்" என்று ஒரு தம்பி சொன்னது பாதி சரி. கடல்நீர் அதில் அடங்கும். ஆனால் எஃப்ஓபியில் சரக்கு கப்பலேறியதும் ஆபத்து வாங்குபவருடையது. 1963 கடல் காப்பீட்டுச் சட்டப்படி, சேதம் நேரும்போது காப்பீட்டு நலன், அதாவது சரக்கு கெட்டால் நட்டம் நம்முடையது என்ற நிலை, நம்மிடம் இருக்க வேண்டும். என் பாலிசியும் கப்பலேற்றும்வரைதான். பிரீமியம் மிச்சம் என்று நானே கேட்டு வாங்கியது!

முந்திரி ஏற்றுமதி செய்யும் அண்ணன் ஒருவரின் கதை வேறு. அவர் சரக்கில் பூஞ்சை, ஆனால் உப்பு இல்லை. சரக்கின் சொந்த ஈரம்தான் காரணம் என்று கம்பெனி மறுக்கிறது. அப்படியானால் ஆல் ரிஸ்க்ஸிலும் வராது. கன்டெய்னர் வேர்வை என்று அவர் வாதாடுகிறார், இழுபறிதான்.

அப்புறம், சீனியர் ஒருவர் சொன்னபடி அடுத்த லோடுக்கு விற்பவர் நலன் காப்பீடு சேர்த்தேன். வாங்குபவர் பணம் தராமல், சரக்கும் சேதமானால் அது கைகொடுக்கும். அப்படி ஒன்று இருப்பதை வாங்குபவரிடம் சொல்லக்கூடாது என்பது நிபந்தனை.

ஹாம்பர்க் பணம் இன்னும் வரவில்லை.