100 கூட்டி 1 கழிப்பது: பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாமா?

மலர்: 99-ஐக் கூட்ட, 100 கூட்டி 1 கழிக்கும் வழியை மகளுக்குச் சொல்லித்தந்தேன். கூட்டலில் தடுமாறுவதே இல்லை. ஆனால் 453 − 99-க்கு 352 என்கிறாள். இந்தக் குறுக்குவழியை நிறுத்திவிடவா?

செல்வம்: நிறுத்திவிடுங்கள். கடன் வாங்கிக் கழிக்கும் முறை எல்லா எண்ணுக்கும் ஒன்றுதான். இதில் எப்போது கூட்டுவது, எப்போது கழிப்பது என்று தனியாக நினைவில் வைக்க வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

கயல்: வேண்டாம், நிறுத்தாதீர்கள். அவள் எழுதிய விடையைப் பாருங்கள். சரியான விடை 354; அவளுக்கு 2 குறைகிறது. 100-ஐ எடுத்தபோதே 1 அதிகமாகப் போய்விட்டது. அதைத் திருப்பித் தராமல், இன்னொரு 1-ஐயும் எடுத்திருக்கிறாள். 453 − 97 கொடுத்துப் பாருங்கள். 356-க்குப் பதில் 350 என்றால் பிசகு 6, அதாவது 3-இன் இரு மடங்கு. இப்படி இரு மடங்காக வந்தால் 'கடைசியில் கழி' என்று மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று அர்த்தம். கடன் வாங்குவதில் மறந்திருந்தால் பெரும்பாலும் 10 அல்லது 100 பிசகும்.

தினேஷ்: கடைசியில் சரிசெய்வதால்தான் இந்தத் தொல்லை. முதலிலேயே நகர்த்திவிடுங்கள். 367 + 99-இல், 367-இலிருந்து 1-ஐ எடுத்து 99-க்குக் கொடுத்தால் 366 + 100, விடை 466. கழித்தலிலும் இதேதான், 452 − 100.

கயல்: தினேஷ், அதுவும் 352-தான்! கூட்டலுக்கு நீங்கள் சொன்னது அருமையான வழி. கழித்தலில் இரண்டு எண்ணையும் ஒரே பக்கம் நகர்த்தினால்தான் இடைவெளி மாறாது. 454 − 100 = 354.

ரமணி: நான் மதிப்பெண் கூட்டும்போது எப்போதும் இப்படித்தான். 98 + 97 + 99 + 96 என்றால் 400-இல் 10 குறைவு, 390. எனக்கு ஒருநாளும் குழம்பியதில்லை.

செல்வம்: ரமணி, மலர் கேட்டது கழித்தலைப் பற்றி. சரி, கூட்டலையே எடுத்துக்கொள்வோம். 367 + 86-க்கு 100 கூட்டி 14 கழிப்பதில் என்ன லாபம்?

கயல்: லாபம் இல்லைதான். 467-இலிருந்து 14-ஐக் கழிப்பதும் ஒரு தனிக் கணக்கு. 100, 200 போன்ற எண்ணுக்கு மூன்று, நான்கு தள்ளி இருக்கும்வரைதான் நான் இதைப் பயன்படுத்துவேன். மலர், விதி எதுவும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "100 எடுத்தாயே, எடுக்க வேண்டியதைவிட அதிகமா, குறைவா?"

மலர்: இப்போதுதான் 453 − 97 கொடுத்தேன். 350 என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்து, "அதிகம்" என்று சொல்லிவிட்டு 356 என்று மாற்றினாள்.

செல்வம்: கேட்க ஆள் இருந்ததால் மாற்றினாள். இரண்டு நாள் கழித்து, எதுவும் சொல்லாமல் 502 − 198 கொடுங்கள். 304 வருகிறதா, 300 வருகிறதா என்று பார்த்த பிறகு பேசுவோம்.