ஃபேனைப் போட்டால் விளக்கு அணையுது, நிறுத்தினால் வேர்த்துக் கொட்டுது: இஃப்தார் அலங்கார அனுபவங்கள்

கீழக்கரை மருமகள்
போன ரமலான்ல நடந்தது, இன்னும் உறுத்துது. ஹால்ல தரையில சாப்பாட்டு விரிப்பா சுப்ரா விரிச்சு நடுவுல தகர ஃபானூஸ் விளக்கு, பின்சுவர்ல வெள்ளை ஷிஃபான் துணி. மெழுகுவத்தி அணையக் கூடாதேன்னு ஃபேனை நிறுத்தியிருந்தேன். பாங்குக்கு ரெண்டு நிமிஷம் இருக்கும்போது மாமி எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாம ஃபேனை அஞ்சுல வச்சாங்க. விளக்கு அணைஞ்சுது. ஷிஃபான் எழும்பி அதோட முனை கஞ்சிக் கோப்பைக்குள்ள போய் விழுந்துச்சு. எல்லாரும் கையில பேரீச்சம்பழத்தோட அந்தத் துணியையே பார்க்குறாங்க. மாமி கண்ணை மூடி துஆ கேட்டுட்டு இருக்காங்க. இந்த வருஷம் எதை எங்க வைக்கலாம்?

ஷார்ஜா உம்மு
எங்க வீட்டுல டைனிங் டேபிள்தான், அதனால இந்தப் பிரச்சினை இல்ல. பேரீச்சம்பழம்தான் பிரச்சினை. ஈரான் மஸாஃபதியை அஸருக்கே அடுக்கி வச்சுட்டேன். கறுப்பா, கொழகொழன்னு இருக்குமே, அது. மஃரிபுக்குள்ள சாறு கசிஞ்சு வெள்ளை விரிப்புல தட்டுக்குக் கீழே வட்டமா கறை. அதை ஃப்ரிட்ஜ்ல இருந்து கடைசியா எடுக்கணும். சுக்கரி, அஜ்வா முன்னாடியே வச்சாலும் ஒண்ணும் ஆகாது, எறும்புக்கு மட்டும் மூடி வைங்க. கொட்டை போட ஒரு கிண்ணம் கண்டிப்பா வேணும். இல்லன்னா உங்க அழகான துணி மேலதான் துப்பி வைப்பாங்க. எங்க வீட்டு ஆம்பளைங்க வச்சிருக்காங்க.

நூர்
ஷிஃபானை விடுங்க, காட்டன் போடுங்க லாத்தா. காட்டன் சீக்கிரம் தீப்பிடிக்காது, மெழுகுவத்தியும் வச்சுக்கலாம்.

பந்தல் காக்கா
நூர் தங்கச்சி, அப்படி இல்லம்மா. மெல்லிய காட்டன்தான் சட்டுனு பத்திக்கும். பாலியஸ்டர் ஷிஃபான் உருகித் தோல்ல ஒட்டும். ரெண்டுமே தீ பக்கம் வேண்டாம். கல்யாண மண்டபத்துக்குத் துணி கட்டுறதுதான் என் பொழைப்பு. ஒரு வீட்டு இஃப்தார்ல ஃபானூஸை நகர்த்தப் போன பையன் மேல்மூடியைப் பிடிச்சுட்டான். உள்ளே இருந்தது சின்ன மெழுகுதான், ஆனா சூடெல்லாம் தகர மூடியிலதான் ஏறும். கை கொப்பளிச்சுப் போச்சு, அவனை அழ விடாம வாயில பேரீச்சம்பழத்தைத் திணிச்சாங்க.

மருமகளுக்கு: ஃபேன் ஓடியே ஆகணும்னு முதல்ல முடிவு பண்ணிக்குங்க, மத்ததெல்லாம் அதுக்குத் தகுந்த மாதிரி அமையும். ஃபானூஸுக்குள்ள பேட்டரி மெழுகு போதும், மஞ்சள் வெளிச்சமா பார்த்து வாங்குங்க. சுப்ரா நடுவுல வைக்காதீங்க. தரையில உட்கார்ந்தா வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்கும், எதிர்ல இருக்குறவர் முகம் தெரியாது, கையும் தட்டும். சுவரோரம் தரையில வைங்க, இல்லன்னா உட்கார்ந்தவங்க தலைக்கு மேல தொங்கவிடுங்க. ஆறடிச் சுவருக்குப் பன்னிரண்டடித் துணி எடுத்தாத்தான் மடிப்பு விழும், சரியா ஆறடி எடுத்தா படுதா மாதிரி இருக்கும். பறந்ததுக்குக் காரணம் கீழே கனம் இல்லாததுதான். மேல மாதிரியே கீழேயும் உறை தைச்சு ஒரு மெல்லிய கம்பி நுழைங்க. துணிக்குப் பின்னாடி சின்ன எல்இடி சரம் விட்டா வெளிச்சம் துணியில பரவி வரும், ட்யூப்லைட்டை அணைச்சுடலாம். கஞ்சி இருக்குற இடத்துல மட்டும் விரிப்பு மேல துடைக்கிற ஷீட் போடுங்க, வடை எண்ணெய் துணியில இறங்கினா லேசுல போகாது.

பழைய காயல்காரர்
ஃபானூஸ் கெய்ரோக்காரங்க வழக்கம். நம்ம ஊர்ல சஹன்னு சொல்ற பெரிய தட்டைச் சுத்தி உட்கார்ந்து நோன்பு திறந்தோம், எந்தத் துணியும் பறக்கல. உம்மா செஞ்சதெல்லாம் பேரீச்சம்பழத்தை நடுவுல ஒரே தட்டா வைக்காம சஹனுக்கு ஒரு சின்னத் தட்டா வச்சதுதான். பாங்கு சொன்னதும் யாரும் யாரைத் தாண்டியும் கையை நீட்ட வேண்டியதில்ல. இப்ப போட்டோவுக்குத்தானே இவ்வளவும்?

ஷார்ஜா உம்மு
காக்கா, புள்ளைங்க ஆசைப்படுதுங்க. சரம் தொங்கினா நோன்பு குறைஞ்சு போயிடுமா?

பழைய காயல்காரர்
குறையாது. கரண்டு பில்தான் கூடும்.

பந்தல் காக்கா
எல்இடிக்கு என்ன பெரிய கரண்டு! ஆனா சஹனுக்கு ஒரு தட்டுன்னு சொன்னது சரியான விஷயம்.

கீழக்கரை மருமகள்
ஜஸாக்கல்லாஹ் காக்கா. ஆனா எங்களுது வாடகை வீடு, ஆணி அடிக்க விடமாட்டாங்க. கம்பியை எதுல மாட்டுறது?

பந்தல் காக்கா
உள்ளே ஸ்பிரிங் வச்ச கம்பி கிடைக்கும், ரெண்டு பக்கமும் அழுத்தி நிக்கும். ஜன்னல் குழிவுக்குள்ள, இல்ல அலமாரிக்கும் சுவருக்கும் நடுவுலதான் நிக்கும், வெறுஞ்சுவர்ல நிக்காது. அதனால அலங்காரத்தை ஜன்னல் பக்கம் மாத்திக்குங்க. ஒட்டுற கொக்கியை நம்பாதீங்க, சுண்ணாம்புச் சுவர்ல பெயிண்ட்டோட பேர்த்துக்கிட்டு வந்துடும்.

நூர்
எங்க வீட்டு ஜன்னல்ல கூலர் இருக்கே?