கடன் செயலியிடம் தரவை அழிக்கக் கோரும் கடிதம்: உதவி தேவை

வணக்கம். தண்டையார்பேட்டையில் வசிக்கும் என் அக்கா, ஒரு செயலி வழியாக வாங்கிய கடனை முழுவதும் அடைத்த பிறகும், அவருடைய கைப்பேசித் தொடர்புப் பட்டியலில் உள்ள உறவினர்களுக்கு அந்நிறுவனத்திலிருந்து அழைப்புகள் வருவது எங்களை மிகவும் வருத்துகிறது.

ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகள், ஒப்புதலைத் திரும்பப் பெறவும் தரவை அழிக்கச் சொல்லவும் கடன் பெற்றவருக்கு வழி தருகின்றன. எனவே குறைதீர்ப்பு அலுவலருக்கான கடிதத்தில் கடன் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, "என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், தொடர்புப் பட்டியல், புகைப்படங்கள், இருப்பிட விவரம் ஆகியவற்றை அழித்து எழுத்துமூலம் உறுதிப்படுத்துங்கள்" என்று எழுதியுள்ளேன். அடையாள ஆவணங்களைச் சட்டவிரோதப் பணப்பரிமாற்றத் தடுப்புச் சட்டப்படி கணக்கு முடிந்து 5 ஆண்டுகள் அவர்கள் வைத்திருக்க வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் அழிக்கக் கேட்டால் முழுக் கோரிக்கையையும் மறுக்க அதுவே சாக்காகிவிடும்.

வசூல் முகவரிடம் சென்ற நகலையும் அழிக்கச் செய்ய எந்த வாசகத்தைச் சேர்க்கலாம் என்பதை, இத்தகைய கடிதம் எழுதியவர்கள் தயவுசெய்து தெரிவியுங்கள்.