சி.டி.சி.க்குத் தமிழ்ச்சொல்: ‘ஆட்செலவு’ சரிவருமா?

கவிதா:

அனைவருக்கும் வணக்கம். என் சித்தப்பா மகனுக்குச் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. சித்தப்பா சங்கரன்கோவிலில் நாலு விசைத்தறி ஓட்டுகிறார். ஆஃபர் லெட்டர் முழுக்க ஆங்கிலம். “ஒரு வரி விடாம தமிழ்ல எழுதிக் குடும்மா, நானும் சித்தியும் உட்கார்ந்து படிக்கணும்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். சி.டி.சி., அதாவது ‘காஸ்ட் டு கம்பெனி’, என்று இருந்த இடத்தில் ‘ஆண்டு ஊதியம் ரூ. 6,00,000’ என்று போட்டேன். அவர் பன்னிரண்டால் வகுத்து மாதம் 50,000 என்று எடுத்துக்கொண்டார். அதை நம்பி, 20,000 ரூபாய் தவணையில் வீட்டுக் கடன் வாங்கலாமா என்று வங்கியில் விசாரித்துவிட்டும் வந்திருக்கிறார். தம்பியின் கைக்கு வரப்போவதோ 37,000. பிழை என்னுடையது. இரண்டு நாளாக மனசே சரியில்லை.

திருத்தி எழுதப்போகிறேன். சி.டி.சி.க்கு என்ன சொல் போடலாம்? வேலையை விடுவதானால் 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்கிற நோட்டீஸ் பீரியடுக்கு ‘அறிவிப்புக் காலம்’ என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த சித்தி, “90 நாள் கழிச்சுத்தான் வேலை உறுதின்னு அறிவிப்பாங்களா?” என்று கேட்டார். அதற்கும் ஒரு சொல் வேண்டும்.

இளங்கோ:

தங்கை கவிதாவுக்கு, புதுச்சொல்லே தேவையில்லை. ‘மொத்த ஊதியம்’ என்ற சொல் அரசு ஆணைகளில் பல காலமாக இருக்கிறது. ‘ஆண்டு மொத்த ஊதியம்’ என்று எழுதுங்கள். பிடித்தம் போக வருவது ‘நிகர ஊதியம்’. நோட்டீஸ் பீரியடுக்கு ‘மூன்று மாத முன்னறிவிப்பு’ என்றாலே போதும்.

ராஜகோபால்:

இளங்கோ தம்பி, மொத்தம், நிகரம் இரண்டும் நல்ல சொற்கள். ஆனால் இந்தக் கடிதத்தில் மொத்த ஊதியம் என்பது வேறு தொகை. நான் முப்பது வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன். கவிதா எனக்குத் தனியாக அனுப்பிய பக்கத்தை வைத்துச் சொல்கிறேன்.

மாதத்துக்கு அடிப்படை ஊதியம் 25,000, வீட்டு வாடகைப் படி 10,000, சிறப்புப் படி 5,000. ஆக 40,000. இதுதான் மொத்த ஊதியம். வருஷத்துக்கு 4,80,000. மிச்சம் 1,20,000 எங்கே? நிறுவனம் தன் பங்காகக் கட்டும் வருங்கால வைப்பு நிதி, அடிப்படை ஊதியத்தில் 12 சதவீதம், வருஷத்துக்கு 36,000. பணிக்கொடைக்கு 4.81 சதவீதம், அது 14,430. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியம் 9,570. வருஷக் கடைசியில் செயல்பாட்டைப் பார்த்துத் தரும் தொகை, அதிகபட்சம் 60,000. கூட்டிப் பாருங்கள், சரியாக 1,20,000.

இந்த நாலில் எதுவும் மாதச் சம்பளத்தோடு வராது. அப்புறம், தம்பியின் சொந்தப் பங்காக இன்னொரு 3,000 வைப்பு நிதிக்குப் பிடிப்பார்கள். 40,000 போய் 37,000 ஆவது அப்படித்தான். தொழில் வரி அரையாண்டுக்கு 1,250 பிடிக்கும் மாதங்களில் இன்னும் குறையும்.

அதனால் சி.டி.சி. என்பது ஊதியமே இல்லை. இந்த ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ள நிறுவனம் ஒதுக்கும் செலவு. ‘ஊதியம்’ என்று முடியும் எந்தச் சொல்லைப் போட்டாலும் சித்தப்பா மறுபடியும் பன்னிரண்டால்தான் வகுப்பார்.

பணிக்கொடைக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இது நிரந்தரப் பணி என்பதால், ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் அந்தப் பணம். மூன்றாம் வருஷம் வேறு வேலைக்குப் போனால் அந்த 14,430 கணக்கில் மட்டும் இருந்ததாகிவிடும்.

தயாளினி:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் வருங்கால வைப்பு நிதி என்று சொல்வதில்லை, ஊழியர் சேமலாப நிதி. ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். என்னுடைய நியமனக் கடிதத்தில் முதலாளியின் 12 வீதம் சம்பளத்துக்கு மேலதிகமாகத்தான் எழுதியிருக்கு. சம்பளத் தொகைக்குள் சேர்க்கவில்லை. அந்தத் தம்பியின் நிறுவனம் அதை உள்ளே சேர்த்தது பிழைதானே? முறைப்பாடு செய்ய ஏலாதா?

ராஜகோபால்:

இல்லை அம்மா. இங்கே தனியார் நிறுவனங்களில் அப்படி எழுதுவதுதான் வழக்கம். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்கள், அதனால் மறைத்ததாகாது. ஆனால் உங்கள் கேள்வி கவிதாவுக்கு உதவும். வைப்பு நிதி வரும் இரண்டு இடத்திலும் ‘நிறுவனத்தின் பங்கு’, ‘பணியாளரின் பங்கு’ என்று தனித்தனியாக எழுத வேண்டும். வெறுமனே வைப்பு நிதி என்றால் ஒரே 3,000 இரண்டு தடவை வந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

இளங்கோவுக்கு ஒன்று. கடிதத்தில் 90 நாள் என்று இருந்தால் 90 நாள் என்றே எழுதுங்கள், மூன்று மாதம் ஆக்காதீர்கள். ஜூலை 1-ஐ முதல் நாளாக எண்ணினால் 90-ஆவது நாள் செப்டம்பர் 28. மூன்று மாதம் என்றால் செப்டம்பர் 30. புது நிறுவனம் 29-ஆம் தேதி வந்து சேரச் சொன்னால் அந்த இரண்டு நாளுக்காக இழுபறி ஆகும்.

கவிதா:

மிக்க நன்றி ஐயா. நேற்று சித்தப்பாவிடம் இந்தக் கணக்கைத் தறிப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “நான் தறிக்காரருக்குக் கூலி ஒண்ணு குடுக்கேன். டீ, தீபாவளி போனஸ், வைத்தியச் செலவு எல்லாம் சேர்த்து ஆள் செலவுன்னு தனியா எழுதுதேன். அதானே இது?” என்றார். நோட்டை எடுத்தும் காட்டினார். பக்கத் தலைப்பிலேயே ‘ஆள் செலவு’ என்று இருக்கிறது.

அதைச் சேர்த்து ‘ஆட்செலவு’ என்று எழுதினால் என்ன? ‘நிறுவனத்தின் ஆண்டு ஆட்செலவு ரூ. 6,00,000.’

இளங்கோ:

மொத்த ஊதியம் பற்றி நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். 90 நாளும் சரி. ஆனால் ‘ஆட்செலவு’ எனக்கு உறுத்துகிறது. பொறியியல் படித்துவிட்டு வேலைக்குப் போகிற பிள்ளையை ‘ஆள்’ என்பதா? ‘பணியாளர் செலவு’ மதிப்பாக இருக்கும்.

ராஜகோபால்:

‘பணியாளர் செலவு’ என்றால் பணியாளர் செய்யும் செலவு என்றும் படிக்க இடமிருக்கிறது. பயணப்படிப் பட்டியலில் அந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் பீரியடுக்கு எனக்கு ‘விலகல் முன்னறிவிப்பு’ பிடிக்கும். ஆனால் நிறுவனம் வெளியே அனுப்புவதென்றாலும் அதே 90 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். விலகல் என்பது ஒரு பக்கத்தை மட்டும்தான் காட்டுகிறது.

கவிதா:

சித்தியிடம் வேறு ஒரு பிழையும் அகப்பட்டது. ‘குடும்பத்துக்கு 3,00,000 ரூபாய் மருத்துவக் காப்பீடு’ என்று எழுதியிருந்தேன். சித்தி தன் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு அது ஆகும் என்று இருந்திருக்கிறார். பின்னிணைப்பைப் பிரித்துப் பார்த்தால், அந்தக் குடும்பத்தில் பணியாளர், மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். பெற்றோரைச் சேர்க்கத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். கல்யாணம் ஆகாத பையனுக்குக் குடும்பம் என்றால் நம் ஊரில் அம்மா அப்பாதானே! அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு யார் யார் என்று பெயர் முறையில் எழுதிவிட்டேன்.

இப்போதைக்கு இப்படி முடித்திருக்கிறேன்:

“நிறுவனத்தின் ஆண்டு ஆட்செலவு ரூ. 6,00,000. இது சம்பளம் அன்று. மாத மொத்த ஊதியம் ரூ. 40,000. பணியாளரின் வைப்பு நிதிப் பங்கு ரூ. 3,000 போகக் கையில் வருவது ரூ. 37,000. தொழில் வரி பிடிக்கும் மாதங்களில் இதிலும் குறையும். ஆண்டு இறுதியில் செயல்பாட்டைப் பொறுத்து ரூ. 60,000 வரை கிடைக்கலாம்; உறுதி இல்லை.”

“பணி உறுதியான பின், வேலையை விடுவதானால் பணியாளரும், வேலையிலிருந்து எடுப்பதானால் நிறுவனமும், 90 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.”

இரண்டாவதற்கு ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை. வாக்கியமாகவே விட்டிருக்கிறேன். மேலே, ‘புரிந்துகொள்ள மட்டும், கையெழுத்து ஆங்கிலக் கடிதத்தில்’ என்றும் சேர்த்தேன்.

தயாளினி:

‘ஆட்செலவு’ எனக்கு உடனே விளங்குது. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், அவவுக்கும் விளங்கினது.

இளங்கோ:

நான் இன்னும் ‘பணியாளர் செலவு’ பக்கம்தான். ஐயா சொன்ன குழப்பம் தீர ‘பணியாளருக்கான செலவு’ என்று நீட்டிப் பார்க்கிறேன். அந்த 60,000 ரூபாய்க்குச் ‘செயல்திறன் ஊக்கத்தொகை’ போடலாமா?

ராஜகோபால்:

போடலாம். ஆனால் ‘வரை’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். கவிதா, சித்தப்பா வங்கிக்கு மறுபடி போவதற்குள் 37,000-ஐ வைத்துத் தவணையைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.