பாதி வழியில் ஹைட்ரோ டெஸ்டில் கழிந்த பீஸ்களின் செலவை யார் மேல் ஏற்றுவது?

பம்ப்_கணக்கு (கோவை):
வணக்கம். பம்ப் கேசிங் மெஷினிங் செய்யும் யூனிட்டில் கணக்கு பார்க்கிறேன். பவுண்டரியிலிருந்து காஸ்டிங் வரும். ரஃப் மெஷினிங் முடிந்ததும் ஹைட்ரோ டெஸ்ட். அதில் லீக் ஆனது ஸ்கிராப்புக்குப் போகும், தேறியது ஃபினிஷ் மெஷினிங், பெயிண்டிங் என்று மேலே போகும். டெஸ்ட் வருவது மெஷினிங் வேலை 60% முடிந்த இடத்தில்.

போன மாதம் 1000 காஸ்டிங் இறக்கினோம். ஆரம்ப இருப்பு எதுவும் இல்லை. 750 முழுதாக முடிந்தது. 50 டெஸ்டில் கழிந்தது. மீதி 200 லைனில் நிற்கிறது, வேலை 80% ஆகியிருக்கிறது. காஸ்டிங் ஒன்று 600 ரூபாய். முழு வேலைக்கான மெஷினிங் செலவு பீஸுக்கு 300. எங்கள் வழக்கப்படி, டெஸ்டில் தேறும் பீஸ்களின் எண்ணிக்கைக்கு 4% என்ற அளவு வரை லீக் ஆவது சகஜம் என்று வைத்திருக்கிறோம்.

சீனியர் கழிந்த 50-இன் செலவு முழுவதையும் முடிந்த 750 மேல் போடச் சொல்கிறார். குளோசிங் ஸ்டாக் குறைவாக நிற்கிறது என்று ஆடிட்டர் சொல்கிறார். எது சரி?

ஜாப்ஒர்க்_மணி:
இதில் என்ன சந்தேகம் சார்? கழிந்ததற்கு யார் காரணமோ அவர் தலையில்தான் கட்ட வேண்டும். நான் ஜாப் ஒர்க் எடுக்கிறேன். என்னிடம் வந்த காஸ்டிங்கில் புளோ ஹோல் இருந்து லீக் ஆனாலும் எனக்கே டெபிட் நோட் போடுகிறார்கள். மெட்டீரியல் அவர்களுடையது, கூலி மட்டும்தான் என்னுடையது. என் கூலியும் போய், காஸ்டிங் விலையும் என் மேல் ஏறுகிறது. உங்கள் யூனிட்டில் அப்படிச் செய்யாதீர்கள்.

பம்ப்_கணக்கு:
அண்ணா, நான் கேட்டது எங்கள் கணக்குக்குள் எந்தப் பீஸ் மேல் ஏற்றுவது என்பதை. ஆனால் நீங்கள் சொன்னதும் எங்களுக்கு உண்டு. லீக்கில் பாதிக்கு மேல் காஸ்டிங் கோளாறுதான்.

காஸ்ட்_படிக்கிறேன்:
சீனியர் சொல்வது தவறு என்றுதான் நானும் நினைக்கிறேன். லைனில் உள்ளது டெஸ்டைத் தாண்டிவிட்டதால் அதற்கும் பங்கு உண்டு. சமான அலகில் பிரியுங்கள். முடிந்தது 750, லைனில் உள்ள 200-இன் 80% என்றால் 160. ஆக 910. கழிந்ததன் செலவை 910-ஆல் வகுத்தால் போதும்.

பழைய_காஸ்ட்_ஆபீசர்:
தம்பி பாதி சரியாகச் சொன்னார். லைனில் உள்ளதற்குப் பங்கு உண்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வகுப்பது 910-ஆல் அல்ல, 950-ஆல். ஒவ்வொரு பீஸும் டெஸ்ட் பெஞ்சில் ஒரே ஒரு தடவைதான் ஏறுகிறது. அங்கே தேறிவிட்ட பீஸ் அதற்கப்புறம் 80% முடிந்தால் என்ன, 100% முடிந்தால் என்ன? 4% லீக் என்ற சுமையில் அதன் பங்கு ஒன்றுதான். எனவே தலை எண்ணிப் பிரிப்பதுதான் முறை.

முதலில் கழிந்த பீஸ் எவ்வளவு செலவைத் தின்றது என்று பாருங்கள். காஸ்டிங் 600, மெஷினிங் 60% ஆனதால் 180. மொத்தம் 780. 50 பீஸும் இந்த இடத்தில்தான் நின்றன, முழு 900 கணக்கிடக் கூடாது.

அடுத்து, 50-ஐ அப்படியே ஏற்றக் கூடாது. தேறியது 950, அதில் 4% என்றால் 38. இந்த 38 மட்டுமே சகஜமான சேதம். மீதி 12 அளவு மீறியது. அதை எந்த நல்ல பீஸ் மேலும் போடாமல் அந்த மாத நஷ்டத்துக்கு எழுதுங்கள். 12 × 780 = 9,360. வழக்கத்தை மீறிய சேதத்தைச் சரக்கு மதிப்பில் சேர்க்கக் கூடாது என்பது சரக்கு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரநிலையிலேயே இருக்கிறது.

38 × 780 = 29,640. அதை 950-ஆல் வகுத்தால் பீஸுக்கு 31.20. முடிந்த 750 வாங்குவது 23,400, லைனில் உள்ள 200 வாங்குவது 6,240. முடிந்தவற்றின் மதிப்பு 6,75,000 + 23,400 = 6,98,400. லைனில் உள்ளதற்கு 840 வீதம் 1,68,000, அதோடு 6,240 சேர்த்து 1,74,240. நஷ்டம் 9,360. மூன்றையும் கூட்டினால் 8,82,000. நீங்கள் செலவழித்ததும் அதுதான், காஸ்டிங்குக்கு 6,00,000, மெஷினிங்குக்கு 2,82,000.

காஸ்ட்_படிக்கிறேன்:
சார், எங்கள் புத்தகத்தில் சகஜமான சேதத்துக்கு அலகே காட்டாமல் விட்டுவிடுகிறார்கள். செலவு தானாக மற்றவை மேல் பரவிவிடும் என்கிறார்கள். அது தவறா?

பழைய_காஸ்ட்_ஆபீசர்:
பரீட்சையில் அதைக் கேட்டால் அப்படியே எழுதுங்கள். இவருடைய எண்களை அதில் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது, லைனில் உள்ள மதிப்பு சுமார் 300 ரூபாய் குறையும், அவ்வளவுதான். ஆனால் அதே 200 பீஸ் 40%-இல் நின்றிருந்தால் என்ன ஆகும்? அவை இன்னும் டெஸ்டுக்கே வரவில்லை. இந்த மாத லீக்கில் அவற்றுக்குத் தம்படி கூடச் சேரக் கூடாது. அலகு காட்டாமல் விடும் முறை அவற்றின் மேலும் ஏற்றிவிடும். அடுத்த மாதம் அவை டெஸ்டுக்கு வந்து அவற்றிலேயே சில கழியும்போது, தேறியவை இரண்டாவது தடவையும் சுமக்கும். அப்படிப்பட்ட மாதத்தில், சகஜமான சேதத்தைப் பொறுத்தவரை, சீனியர் சொல்வதுதான் சரி. அவர் எப்போதோ அந்த நிலையில் கற்றுக்கொண்டு எல்லா மாதத்துக்கும் போடுகிறார் போலும்.

ஃபவுண்டரி_பக்கம்:
ஸ்கிராப்பை மறந்துவிட்டீர்கள். கழிந்த காஸ்டிங்கை நாங்களே உருக்க எடுத்துக்கொள்கிறோமே, அதற்குக் காசு வருமே?

பம்ப்_கணக்கு:
ஆமாம், பீஸுக்கு 130 கிடைக்கிறது. அதை இதுவரை இதர வருமானத்தில் போட்டுவந்தோம்.

பழைய_காஸ்ட்_ஆபீசர்:
அங்கே போடாதீர்கள். 38 பீஸுக்கு வரும் 4,940-ஐ 29,640-இல் கழியுங்கள். மீதி 24,700. பீஸுக்கு 26 ரூபாய். 12-க்கு வரும் 1,560-ஐ நஷ்டத்தில் கழித்தால் 7,800.

அடுத்த மாதத்துக்கு ஒன்று. இந்த 200 ஆரம்ப இருப்பாக வரும்போது ஏற்கெனவே தங்கள் பங்கைச் சுமந்திருக்கும். முதலில் வந்தது முதலில் போகும் முறை என்றால், புதிய லீக் செலவை வகுக்கும் எண்ணிக்கையில் அவற்றைச் சேர்க்காதீர்கள். சராசரி முறையில் இரண்டு மாதச் செலவும் கலந்துவிடும், அங்கே இந்தப் பிரிவு கிடைக்காது.

பம்ப்_கணக்கு:
நன்றி சார். இன்னும் இரண்டு. பவுண்டரி கோளாறு என்று உறுதியான பீஸுக்கு 600-ஐத் திருப்பித் தருகிறார்கள், மெஷினிங் 180-ஐத் தர மறுக்கிறார்கள். அப்புறம், 4%-ஐ டெஸ்ட் செய்த 1000 மேல் போட வேண்டும் என்கிறார் ஆடிட்டர். அப்படியானால் 40 வருகிறது.

ஃபவுண்டரி_பக்கம்:
பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதாமல் 180 தர மாட்டோம். காஸ்டிங் விலையில் உங்கள் மெஷினிங் அபாயத்துக்கு எங்களுக்கு எதுவும் இல்லை.

ஜாப்ஒர்க்_மணி:
அப்போ அந்த 180 யாருக்கு? உள்ளே மறைந்திருக்கும் புளோ ஹோல் வெட்டிப் பார்க்காமல் தெரியாது. வெட்டியவன் கூலி கேட்டால் என்ன தப்பு?

பழைய_காஸ்ட்_ஆபீசர்:
பவுண்டரி 600 திருப்பினால் அந்தப் பீஸின் செலவு 180 ஆகிவிடும், அதை மட்டும் மேலே சொன்ன கணக்கில் ஏற்றுங்கள். அந்தக் காஸ்டிங்கைப் பவுண்டரியே எடுத்துக்கொண்டால் 130 ஸ்கிராப் வருமானமும் அதற்கு வராது. 180-ஐ யார் தருவது என்பது ஆர்டரில் எழுதினால்தான் தீரும்.

4% எதன் மேல் என்பதில் நான் தேறியவை பக்கம். 1000 மேல் என்று வைத்தால் கழிந்தவையே கழிவின் அளவைக் கூட்டும், நிறையக் கழிந்த மாதத்தில் சகஜம் என்ற கணக்கும் பெருகும். ஆனால் உங்கள் 4% எந்த ரிஜிஸ்டரிலிருந்து, எதை எதால் வகுத்து வந்தது என்று பாருங்கள். டெஸ்ட் செய்ததை வைத்து எடுத்த விகிதம் என்றால் ஆடிட்டர் சொல்வதில் நியாயம் உண்டு.

பம்ப்_கணக்கு:
ரிஜிஸ்டர் குவாலிட்டி பையனிடம் இருக்கிறது. திங்கட்கிழமை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.