'என்' வர வேண்டிய இடத்தில் 'டெ' போட்டுவிட்டேன்: ஸ்பானிய மொழியில் உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

துரியாக்கரை

வலென்சியாவுக்கு வந்து இரண்டாவது ஆண்டில் நடந்தது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் அப்பா தவறிவிட்டார். எல்லாரும் சொல்கிற இரங்கல் வாக்கியத்தை அலுவலகத்தில் நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் கேட்கவில்லை. "இந்த நாட்களில் உன்னைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரியாவது அனுப்பலாம் என்று 'பியென்சோ மூச்சோ டெ தி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் 'ஆஃப்' வரும், ஸ்பானிய மொழியில் அதற்கு 'டெ' என்று கை தானாக எழுதிவிட்டது.

மறுநாள் காலையில் ஒரே வரியில் பதில்: 'கே பியென்சாஸ் டெ மி?' என்னைப் பற்றி என்ன அபிப்பிராயம் வைத்திருக்கிறாய் என்று கேட்கிறாள்! அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவளிடம் போய் அவளைப் பற்றி நான் ஏதோ தீர்ப்பு வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். பேருந்தில் நின்றபடி அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. ஒருவரை மனத்தில் வைத்திருந்தால் 'பென்சார் என்', ஒருவரைப் பற்றிய கருத்தைக் கேட்டால் 'பென்சார் டெ'. வகுப்பில் படித்ததுதான். ஆனால் அந்த இரவில் நினைவுக்கு வரவில்லை.

திருத்தி அனுப்பினேன். 'ஆ, என் மி' என்று மட்டும் எழுதினாள். அந்த 'என்' இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இப்படி ஒரு சிறு சொல் காலை வாரிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

புவெப்லா மாடிவீடு

எனக்கு 'சொஞார்' என்ற வினையில் நடந்தது. மெக்சிகோவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுபது வயது அம்மா. ஒரு காலை அடுப்படியில் காப்பி வடித்துக்கொண்டிருந்தவரிடம், இறந்துபோன என் பாட்டியைக் கனவில் கண்டேன் என்று சொல்லப்போய், 'சொஞே டெ மி அபுவேலா' என்றேன். அவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, 'கொன் து அபுவேலா?' என்று கேட்டார். பாட்டியோடா?

திருத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பாட்டி என்ன சொன்னார், எப்படி இருந்தார் என்பதைத்தான் அடுத்துக் கேட்டார். எனக்கோ அந்த 'கொன்' நெஞ்சில் தங்கிவிட்டது. நாம் "பாட்டி கனவில் வந்தாள்" என்போம். அவர்களோ பாட்டியோடு சேர்ந்து கனவு காண்கிறார்கள். உறக்கத்தில் வரும் கனவுக்கும், சொந்த வீடு கட்ட வேண்டும் என்பது போன்ற ஆசைக் கனவுக்கும் அதே 'கொன்'தான். அன்றிலிருந்து அந்த வினையில் நான் தவறியதே இல்லை.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. அதே அம்மா இன்னொரு நாள் என்னிடம் 'அனோச்செ தெ சொஞே' என்றார். நேற்றிரவு உன்னைக் கனவு கண்டேன். அதில் 'கொன்' எங்கே போயிற்று?

பில்பாவோ இரவுகள்

பிரச்சினை சிறு சொற்களில் இல்லை, பதற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். என்னைப் பார்க்க வந்திருந்த அம்மாவுக்கு இன்சுலின் தீர்ந்துவிட்டது. இரவு பதினொன்றுக்கு மேல் இருக்கும். திறந்திருக்கும் மருந்துக்கடையைத் தேடித் தெருவில் ஓடினேன். எதிரே நாயோடு வந்த பெரியவரை நிறுத்தி, 'புஸ்கோ பொர் லா ஃபார்மாசியா' என்றேன். அவர் தெருமுனையில் அடைத்துக் கிடந்த கடையைக் காட்டி, அந்தப் பக்கம் எதைத் தொலைத்தீர்கள் என்று கேட்டார். என்னோடு சேர்ந்து நடைபாதையில் குனிந்து பார்க்கவும் தொடங்கிவிட்டார்!

'புஸ்கார்' என்றாலே தேடுவதுதான், அதற்குப் பின்னால் எதுவும் வர வேண்டாம் என்று பிறகு தெரிந்தது. நான் 'பொர்' சேர்த்ததால் மருந்துக்கடையின் சுற்றுவட்டாரத்தில் எதையோ தேடுகிறேன் என்று ஆகிவிட்டது. கடைசியில் அம்மாவின் காலிக் குப்பியைக் காட்டினேன். அவரே இரவுப் பணியில் இருந்த கடை வரை கூட வந்து விட்டுவிட்டுப் போனார்.

எட்டாம் வேற்றுமை

பில்பாவோ நண்பர் சொல்வது வேறு வகை. அங்கே ஆங்கிலம் கேட்கும் சொல்லை ஸ்பானிய மொழி கேட்பதே இல்லை. துரியாக்கரை கேட்டது, இரண்டு மொழியும் சொல் கேட்கின்றன, ஆனால் வேறு வேறு சொல்லைக் கேட்கின்றன என்பது பற்றி. இருந்தாலும் அந்தப் பெரியவர் குனிந்து தேடியது மறக்க முடியாத காட்சி.

என் கதை பி2 வாய்மொழித் தேர்வில் நடந்தது. கிராமத்தில் வாழ்வது நல்லதா, நகரத்திலா என்று பேச்சு போயிற்று. நான் 'டெபென்டெ' என்று சொல்லி நிறுத்தினேன். தேர்வாளர் உடனே 'டெ கே டெபென்டெ?' என்றார். எதைப் பொறுத்தது? நான் 'என் எல் தினேரோ' என்றேன். பணம் என்று சொல்ல வந்தது சரி, ஆனால் ஆங்கிலத்தின் 'ஆன்' என் வாயில் 'என்' ஆகிவிட்டது. அவர் கேள்வியிலேயே 'டெ'யைக் கொடுத்திருந்தார். நான் வாங்கி 'டெல் தினேரோ' என்று திருப்பிக் கொடுத்திருந்தால் போதும். அவர் பேனா ஒரு கணம் தாளில் இறங்கி எழுந்ததைப் பார்த்தேன்.

வெளியே வந்து யோசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது அந்தச் சிறு சொல்லைக் கடைசியில் தொங்கவிடலாம். வினையைச் சொல்லி முடித்த பிறகுகூட அதைப் பற்றி யோசிக்க நேரம் இருக்கிறது. ஸ்பானிய மொழியில் அப்படித் தொங்கவிட வழியே இல்லை. 'கே பியென்சாஸ் என்?' என்று யாரும் கேட்க முடியாது. 'என் கே பியென்சாஸ்?', 'கொன் கியேன் சொஞாஸ்தெ?', 'டெ கே டெபென்டெ?' என்று அது முதல் சொல்லாக வந்து நிற்க வேண்டும். ஆகவே வாயைத் திறப்பதற்கு முன்பே வினை எது, அது கேட்கும் சொல் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இது நமக்குப் புதிது அல்ல. "யாரிடம் கொடுத்தாய்?" என்று கேட்டால் "அம்மாவிடம்" என்கிறோம். "எதைப் பொறுத்தது?" என்றால் "பணத்தைப் பொறுத்தது" என்கிறோம். உருபு கேள்விச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, பதிலும் அதே உருபோடு போகிறது. தமிழில் நினைத்திருந்தால் அன்று நான் தவறியிருக்க மாட்டேன். ஆங்கிலம் வழியாகப் போனதுதான் வினை.

லீமா கணக்கர்

எட்டாம் வேற்றுமை சொல்வதை ஏற்க முடியவில்லை. தமிழை நம்பிப் போனால் மூழ்கிவிடுவோம். நாம் ஒருவரை நம்புகிறோம், ஸ்பானிய மொழியில் ஒருவரில் நம்புகிறார்கள், 'கொன்ஃபியார் என்'. இதற்குத் தமிழ் என்ன உதவி செய்யும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கணக்கு முடிக்கும் கெடு போதாது என்று மேலாளருக்கு எழுதிய அறிக்கையில் 'பியென்சோ டெ கே' என்று தொடங்கியிருந்தேன். அவர் சிவப்பு மையில் அந்த 'டெ'யை வட்டமிட்டு அடித்துவிட்டு, வேறு ஒரு சொல்லும் சொல்லாமல் தாளைத் திருப்பித் தந்தார். கெடுவைப் பற்றி அவர் எதுவும் பேசாததுதான் எனக்கு வலித்தது.

ஆகவே புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: 'கே' என்ற இணைப்புச் சொல்லுக்கு முன்னால் 'டெ' வரவே கூடாது. எழுதியதை எல்லாம் ஒரு முறை படித்து, 'டெ கே' வரும் இடத்தில் எல்லாம் 'டெ'யை அடித்துவிடுங்கள். நான் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். தனியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் வினை, வலப்பக்கம் அதன் சொல். தினமும் காலையில் பத்து வினைகளை உரக்கப் படியுங்கள். எழுதிப் பழகுவதைவிட வாய் பழகுவதுதான் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்து எழுபதையும் திரும்பச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் யாராவது கேள்வி கேட்டால் இன்னும் நல்லது. என் மனைவி எனக்கு அப்படித்தான் உதவினாள்.

எட்டாம் வேற்றுமை

லீமா நண்பரே, நம்புதல் பற்றி நீங்கள் சொன்னது சரி. எந்தச் சொல் வரும் என்பதைத் தமிழ் சொல்லித் தராது. எங்கே வரும் என்பதற்கு மட்டும்தான் அந்தப் பழக்கம் உதவும்.

ஆனால் 'டெ கே'யை எல்லா இடத்திலும் அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் மேலாளர் திருத்தியது அந்த ஒரு வாக்கியத்தில் சரி. 'டெபென்டெ டெ கே வெங்கா' என்று எழுத வேண்டிய இடத்தில் 'டெ'யை எடுத்துவிட்டால் அதுவும் பிழைதான். எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், வாக்கியத்தைக் கேள்வியாக்கிப் பாருங்கள். என்ன நினைக்கிறாய் என்பதற்கு 'கே பியென்சாஸ்?', அதில் 'டெ' இல்லை. ஆகவே 'பியென்சோ கே'. எதைப் பொறுத்தது என்பதற்கு 'டெ கே டெபென்டெ?', அதில் 'டெ' இருக்கிறது. ஆகவே வாக்கியத்திலும் இருக்க வேண்டும். நினைவுக்கு வருதல் என்ற 'அகொர்தார்செ'யும் இப்படித்தான், 'மெ அகுவெர்தோ டெ கே' என்று வரும். பேச்சில் அந்த ஊர்க்காரர்களே இந்த 'டெ'யை விழுங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அறிக்கையிலும் தேர்விலும் அதை நம்பி எழுத வேண்டாம்.

லீமா கணக்கர்

மூன்று ஆண்டு அறிக்கைகளில் எத்தனை 'டெ'யை அடித்திருப்பேன் என்று நினைத்தால் கலக்கமாக இருக்கிறது. கேள்வியாக்கிப் பார்க்கிறேன். ஆனாலும் குறிப்பேடு வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

துரியாக்கரை

கேள்வியாக்கிப் பார்ப்பது எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. 'என் கியேன் பியென்சாஸ்?' என்று அந்த இரவில் என்னையே கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதில் சந்தேகமே இருக்கவில்லையே.

புவெப்லாவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இங்கே அலுவலகத்தில் மூன்று பேரிடம் 'தெ சொஞே' என்று சொல்வீர்களா என்று கேட்டேன். மூவரும் 'கொன்திகோ' என்றுதான் சொல்வோம் என்றார்கள்.

புவெப்லா மாடிவீடு

நேற்றுத் தொலைபேசியில் அந்த அம்மாவிடமே கேட்டுவிட்டேன். இரண்டும் ஒன்றுதான் என்றார். பக்கத்தில் இருந்த அவருடைய மகள், ஒன்று இல்லை, 'தெ சொஞே' என்றால் நீ இன்னும் நெருக்கம் என்றாள். இருவரும் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். நான் காதில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.